பாஸ்புக் நனைஞ்சு போச்சா? டூப்ளிகேட் கேட்டு கடிதம் கொடுக்கும் முன்பு இந்த ‘இண்டெம்னிட்டி’ வரியைப் படிச்சுப் பாருங்க!

ஓட்டு வீட்டில் மழை ஒழுகி டிரங்குப் பெட்டி நனைந்தது, சட்டைப் பையில் இருந்தது தெரியாமல் வாஷிங் மெஷினில் போட்டது, பரணில் எலி கடித்தது... வங்கி பாஸ்புக் வீணாகப் போவதற்குக் காரணங்கள் நிறைய. பணம் அனுப்ப, இருப்பு பார்க்க எல்லாவற்றுக்கும் செல்போன் ஆப் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அப்படி இல்லை. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் ஏறியதா, பால் பணம் வந்ததா என்பதை அவர்கள் பாஸ்புக்கில் பதிவு போட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கிளைக்குப் போய்க் கேட்டால், “ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, கூடவே இண்டெம்னிட்டியும் வேணும்” என்பார்கள். பெரும்பாலானவர்கள் கவுன்ட்டரில் கொடுக்கும் அச்சுப் படிவத்தில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து எதற்கு, அதில் நாம் எதை ஒப்புக்கொள்கிறோம், கடிதத்தில் எந்த வரி இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

தொலைந்ததும் சேதமானதும் ஒன்றல்ல

கடிதம் எழுதும்போது நிறைய பேர் செய்யும் தவறு முதல் வரியிலேயே நடந்துவிடுகிறது. பாஸ்புக் கையில்தான் இருக்கிறது. நனைந்து ஒட்டிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து, ‘என் பாஸ்புக் தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு சொல், வங்கி உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிடும்.

ஏன் என்று புரிய, பாஸ்புக்குக்கு உள்ள மதிப்பு என்ன என்று தெரிய வேண்டும். பாஸ்புக்கில் இருப்பது வங்கிக் கணக்கின் நகல். அசல் கணக்கு வங்கியின் பேரேட்டில், அதாவது இன்றைக்கு அதன் கணினியில் இருக்கிறது. 1891-ம் ஆண்டின் வங்கியாளர் கணக்கேடுகள் சான்றுச் சட்டப்படி, அந்தப் பேரேட்டின் சான்றளிக்கப்பட்ட நகலை நீதிமன்றமே சான்றாக ஏற்கும். எனவே பாஸ்புக் போனதால் கணக்கில் உள்ள பணம் போய்விடாது.

ஆனால் பாஸ்புக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல வங்கிகளில் செக் இல்லாமல், பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் கவுன்ட்டரில் பணம் எடுக்க வேண்டும் என்றால், கூடவே பாஸ்புக்கையும் நீட்ட வேண்டும். தொலைந்த பாஸ்புக் வேறொருவர் கையில் கிடைத்து, அவர் உங்கள் கையெழுத்தைப் போலப் போட்டு எடுக்க முயன்றால்? வங்கி பயப்படுவது இதற்குத்தான். அதனால்தான் தொலைந்த பாஸ்புக் என்றால் சில கிளைகள் போலீஸ் புகார் ரசீது கேட்கின்றன. இண்டெம்னிட்டியை முத்திரைத்தாளில் கேட்கின்றன. சமயத்தில் சாட்சிக் கையெழுத்தும் கேட்கின்றன.

சேதமான பாஸ்புக்கில் இந்தப் பயத்துக்கு இடம் குறைவு. பழைய புத்தகத்தை நீங்களே கொண்டுபோய் ஒப்படைக்கிறீர்கள். அது வேறு யார் கைக்கும் போக வழியில்லை. அதனால் கடிதத்தின் முதல் வரியிலேயே ‘சேதமடைந்துவிட்டது, அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்’ என்று எழுதுவதுதான் உங்கள் பக்கத்து பலம். அரைகுறையாகக் கிழிந்து, அட்டையும் நாலு பக்கமும்தான் மிச்சம் என்றாலும் அதை அப்படியே கொண்டுபோக வேண்டும். ‘இதை எதுக்குக் கொண்டுபோறது’ என்று குப்பையில் போட்டுவிட்டால், சேதமான பாஸ்புக் தொலைந்த பாஸ்புக் ஆகிவிடும்.

உண்மையிலேயே டூப்ளிகேட் வேண்டுமா?

கடிதம் எழுதும் முன்பு ஒருமுறை புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிவு இயந்திரம் பாஸ்புக்கை ஏற்கவில்லை என்பதற்காகவே சிலர் டூப்ளிகேட் கேட்டு வருகிறார்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் பார்கோடு மட்டும் அழிந்திருந்தால், கிளையில் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாலே போதும்.

இன்னொன்று, பக்கங்கள் எல்லாம் தீர்ந்த பிறகு புத்தகம் சேதமாகியிருந்தால் உங்களுக்குத் தேவைப்படுவது தொடர் பாஸ்புக். ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளின்படி, தனிநபர் சேமிப்புக் கணக்குக்கு பாஸ்புக் வசதி தர வேண்டியது வங்கியின் கடமை. அதற்கான செலவை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. ஆனால் நம் கையில் வீணான புத்தகத்துக்கு மாற்றாகக் கேட்கும் டூப்ளிகேட்டுக்கு வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன. அது வங்கிக்கு வங்கி மாறும்; மேலே 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். வங்கியின் இணையதளத்தில் உள்ள சேவைக் கட்டணப் பட்டியலில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். அஞ்சலக சேமிப்புக் கணக்கு என்றால் டூப்ளிகேட் பாஸ்புக்குக்குக் கட்டணம் 50 ரூபாய்.

ஒரு உதாரணம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் அம்மா, சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் மகன் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் பெட்டி நனைந்து, அம்மாவின் பாஸ்புக் ஊறிப்போய்விட்டது. போட்டோ உரிந்துவிட்டது, முதல் பக்கத்தில் பெயரும் கணக்கு எண்ணும் மங்கலாகத் தெரிகின்றன, கடைசி மூன்று பக்கப் பதிவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

முதல் வேலை, ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்காமல் நிழலில் காய வைப்பது. காய்ந்ததும் எந்தெந்தப் பக்கத்தைத் திறக்க முடிகிறதோ அத்தனையையும் செல்போனில் போட்டோ எடுத்துவிட வேண்டும். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டுவது, லேமினேட் செய்வது எல்லாம் வேண்டாம். புத்தகத்தைத் திருத்தியது போன்ற தோற்றம் வந்துவிடும்.

இந்த போட்டோ ஏன் முக்கியம்? வங்கிகள் தங்கள் பதிவேடுகளைக் காலம் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1985-ல் வந்த வங்கிப் பதிவேடுகள் பாதுகாப்பு விதிகள், பேரேடு போன்ற முக்கியப் பதிவேடுகளை 8 ஆண்டுகளும், வேறு சிலவற்றை 5 ஆண்டுகளும் வைத்திருந்தால் போதும் என்கின்றன. அம்மாவின் பாஸ்புக்கில் 2012-ல் நிலம் வாங்கப் பணம் எடுத்த பதிவு இருந்தால், அதற்கான சுலபமான ஆதாரம் இன்றைக்கு அந்த நனைந்த பக்கமாகத்தான் இருக்கக்கூடும். புதிய பாஸ்புக்கில் பழைய பதிவுகள் அனைத்தும் வராது. பெரும்பாலும் சமீபத்திய இருப்பிலிருந்து தொடங்கித்தான் அச்சிட்டுக் கொடுப்பார்கள். நடுவில் விடுபடும் காலத்துக்குக் கணக்கு அறிக்கை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது, யார் எழுதுவது? மகன் எழுதித் தரலாம், ஆனால் கடிதம் அம்மாவின் பெயரில், அம்மாவின் கையெழுத்தோடுதான் இருக்க வேண்டும். கையெழுத்து, கணக்குத் தொடங்கியபோது போட்டது போலவே இருக்க வேண்டும். 15 வருடம் முன்பு தமிழில் போட்டவர் இப்போது இங்கிலீஷில் போட்டால் கவுன்ட்டரிலேயே கடிதம் திரும்பிவிடும். கைநாட்டு வைப்பவர் என்றால் நேரில் வந்து அதிகாரி முன்னிலையில் வைப்பதுதான் சிக்கல் இல்லாத வழி. கூட்டுக் கணக்கு என்றால், இண்டெம்னிட்டியில் எல்லாக் கணக்குதாரர்களும் கையெழுத்துப் போடக் கேட்பது வழக்கம். அப்பாவையும் கூடவே அழைத்துப் போய்விடுங்கள்.

எந்தக் கிளைக்குப் போவது? மகனுக்கு கோவையில் அதே வங்கியின் கிளை பக்கத்திலேயே இருக்கலாம். ஆனால் டூப்ளிகேட் பாஸ்புக்குக்குக் கணக்கு இருக்கும் கிளைக்குப் போவதே நல்லது. கையெழுத்து அட்டை, கணக்குத் தொடங்கிய படிவம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கணக்கு எண் சரியாகத் தெரியவில்லை என்றால் எஸ்எம்எஸ்ஸில் வருவது கடைசி சில இலக்கங்கள் மட்டும்தான். பழைய செக் புக், கணக்குத் தொடங்கியபோது கொடுத்த ரசீது, கடன் ஆவணம் எதிலாவது முழு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கொங்கு மண்டலத்தில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. சேதமான புத்தகத்தில் இருப்பது பழைய வங்கியின் பெயர் என்றால், பழைய எண்ணைக் கடிதத்தில் எழுதி, ‘இணைப்புக்கு முந்தைய கணக்கு எண்’ என்று குறிப்பிடுங்கள். பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

இண்டெம்னிட்டி என்றால் என்ன?

தமிழில் இழப்பீட்டு உறுதிமொழி. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 124-ல் இதற்கு விளக்கம் சொல்கிறது. ஒருவருடைய செயலால், தன் செயலாகவே இருந்தாலும் சரி, பிறர் செயலாக இருந்தாலும் சரி, மற்றவருக்கு நட்டம் வந்தால் அதிலிருந்து அவரைக் காப்பதாகக் கொடுக்கும் வாக்குறுதி அது. எளிதாகச் சொன்னால், ‘நான் கேட்டபடி நீங்கள் செய்ததால் உங்களுக்கு நட்டம் வந்தால், அதை நான் கட்டுகிறேன்’ என்று எழுத்தில் கொடுப்பது.

இது ஜாமீன் கையெழுத்து அல்ல. ஜாமீனில் கடன் வாங்குபவர், கொடுப்பவர், பொறுப்பேற்பவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். இங்கே நீங்களும் வங்கியும் மட்டும்தான். ஆனால் இது வெறும் சடங்கும் அல்ல. கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தம். அதனால் இதில் கவனிக்க வேண்டியது அதன் எல்லை எவ்வளவு என்பதைத்தான்.

வங்கிக்கு நியாயமாக வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய பாஸ்புக்கை யாராவது காட்டி வந்தாலோ, புதியதைக் கொடுத்ததால் யாராவது உரிமை கோரினாலோ, அந்த இழப்பு தன் தலையில் விழக் கூடாது. இதற்கு, ‘சேதமடைந்த மேற்படி பாஸ்புக்குக்குப் பதிலாக டூப்ளிகேட் வழங்கியதன் காரணமாக’ என்ற சொற்களே போதும். இந்தச் சொற்கள்தான் உங்கள் பொறுப்புக்கு வேலி.

சில படிவங்களில் இந்த வேலி இருக்காது. ‘மேற்படி கணக்கு தொடர்பாக எக்காலத்திலும் எழும் எல்லாவித இழப்புகளுக்கும், கோரிக்கைகளுக்கும்’ என்று நீளும். அது பாஸ்புக்கைத் தாண்டி முழுக் கணக்கையும் இழுத்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால், ‘டூப்ளிகேட் பாஸ்புக் வழங்கியதால்’ என்ற சொற்களைச் சேர்க்கலாமா என்று மேலாளரிடம் கேளுங்கள். பேனாவில் சேர்த்தால், பக்கத்தில் உங்கள் கையெழுத்தோடு அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும்.

இன்னொரு வரி, ‘இன்று வரை கணக்கில் உள்ள பதிவுகள் அனைத்தும் சரி என்று ஒப்புக்கொள்கிறேன்’ என்பது. இதுவும் சில படிவங்களில் நடுவில் இருக்கும். பாஸ்புக்கே படிக்க முடியாமல் இருக்கும்போது எல்லாம் சரி என்று எப்படி ஒப்புக்கொள்வது? பாஸ்புக்கைச் சரிபார்க்காமல் இருந்ததாலேயே வாடிக்கையாளர் உரிமையை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1987-ல் கனரா வங்கி – கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் ஏற்றது. போலிக் கையெழுத்துச் செக்குகளுக்கு வங்கி கொடுத்த பணம் பற்றிய வழக்கு அது. அந்தப் பாதுகாப்பை நாமே எழுதிக் கொடுத்து இழக்க வேண்டாம். ‘புதிய பாஸ்புக்கும் கணக்கு அறிக்கையும் பெற்றுச் சரிபார்த்துக்கொள்கிறேன்’ என்று மாற்றி எழுதச் சொல்லலாம்.

மூன்றாவதாக, காலி இடங்கள். தொகை, தேதி, கணக்கு எண் எழுத வேண்டிய இடத்தை, “அப்புறம் நாங்களே எழுதிக்கறோம்” என்று சொன்னாலும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பொருந்தாத இடத்தில் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

முத்திரைத்தாள் வேண்டுமா என்பது கிளையின் நடைமுறையைப் பொறுத்தது. சேதமான பாஸ்புக்கை ஒப்படைத்தால் வெள்ளைத்தாளில், அல்லது தங்கள் படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும் கிளைகள் உண்டு. முத்திரைத்தாள்தான் வேண்டும் என்றால், எத்தனை ரூபாய்த் தாள் என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை விகிதங்கள் 2024 மே மாதம் மாற்றப்பட்டதால், பழைய நினைவில் தாள் வாங்கிப் போய் திரும்ப வேண்டியிருக்கும்.

மாதிரிக் கடிதம்

நம் உதாரணத்துக்கான கடிதம் இப்படி இருக்கலாம். உங்கள் விவரங்களை நிரப்பி, இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்:
(கணக்குதாரர் பெயர், வங்கியில் பதிவானபடி)
(முழு முகவரி, செல்போன் எண்)

பெறுநர்:
கிளை மேலாளர்,
(வங்கி, கிளையின் பெயர்)

நாள்: ________

பொருள்: சேதமடைந்த பாஸ்புக்கை ஒப்படைத்து, டூப்ளிகேட் பாஸ்புக் கோருதல் – சேமிப்புக் கணக்கு எண் ____________

ஐயா / அம்மா,

தங்கள் கிளையில் மேற்கண்ட சேமிப்புக் கணக்கை வைத்திருக்கிறேன். ________ அன்று பெய்த மழையில் வீட்டுக்குள் நீர் ஒழுகியதால் என் பாஸ்புக் நனைந்து சேதமடைந்துவிட்டது. போட்டோ உரிந்துவிட்டது. கடைசி மூன்று பக்கப் பதிவுகளைப் படிக்க முடியவில்லை. பாஸ்புக் தொலைந்துபோகவில்லை, வேறு யாரிடமும் கொடுக்கப்படவோ, அடமானமாக வைக்கப்படவோ இல்லை.

சேதமடைந்த பாஸ்புக்கை, அட்டை உட்பட ____ பக்கங்களுடன், இத்துடன் ஒப்படைக்கிறேன். ரத்து முத்திரையிட்ட பின் அதை என்னிடமே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு டூப்ளிகேட் பாஸ்புக் வழங்கவும், ________ முதல் ________ வரையிலான கணக்கு அறிக்கையைத் தரவும் வேண்டுகிறேன். இதற்கான கட்டணத்தை என் கணக்கிலிருந்து பிடித்தம் செய்துகொள்ளலாம். ஆதார் நகலும் போட்டோவும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இழப்பீட்டு உறுதிமொழி

மேற்கண்ட கணக்கின் சேதமடைந்த பாஸ்புக்குக்குப் பதிலாக, என் வேண்டுகோளின்படி டூப்ளிகேட் பாஸ்புக் வழங்கியதன் காரணமாக வங்கிக்கு ஏதேனும் இழப்பு நேர்ந்தால், அந்த இழப்பை ஈடு செய்வதாக உறுதியளிக்கிறேன். வங்கியின் கவனக்குறைவாலோ, வங்கி ஊழியர்களின் செயலாலோ ஏற்படும் இழப்பு இதில் அடங்காது. பழைய பாஸ்புக்கின் விடுபட்ட பகுதி எதுவும் பின்னர் கிடைத்தால், அதைப் பயன்படுத்தாமல் கிளையில் ஒப்படைப்பேன்.

(கையெழுத்து, பெயர், நாள், இடம்)

இதில் கடைசிக்கு முந்தைய வரியை வங்கி ஏற்காமல் போகலாம். அப்போதும், ‘டூப்ளிகேட் பாஸ்புக் வழங்கியதன் காரணமாக’ என்ற சொற்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதும் சேர்ந்து நனைந்திருந்தால் அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். முதிர்வுத் தொகை அந்த ரசீதோடு இணைந்தது என்பதால், அதற்கு வங்கி கேட்கும் உறுதிமொழி வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் பாஸ்புக் வேலையும் தாமதமாகும்.

கிளையில் என்ன நடக்கும்?

“பழைய புக்கைக் கொண்டாந்திருக்கீங்களாம்மா?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். “இருக்குதுங்க சார், இந்தாங்க” என்று எடுத்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பிறகு கையெழுத்தைக் கணினியில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். கேஒய்சி புதுப்பிக்கும் கெடு தாண்டியிருந்தால் முதலில் அதை முடிக்கச் சொல்வார்கள். அதனால் ஆதார், பான் கார்டு அசலையும் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு என்றால், அது செயலற்ற கணக்கு என்று மாறியிருக்கும். அதை உயிர்ப்பித்த பிறகுதான் பாஸ்புக். அப்படி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

கடிதத்தைக் கொடுத்ததும், இரண்டாவது பிரதியில் தேதியோடு கிளை முத்திரை வாங்க மறக்காதீர்கள். “எதுக்குங்க இதெல்லாம், நாளைக்கு வந்து புக்கை வாங்கிக்குங்க” என்று சொன்னாலும், பணிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேதமான புத்தகத்தை நீங்கள் ஒப்படைத்துவிட்டீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே எழுத்து ஆதாரம் அதுதான்.

புதிய பாஸ்புக் கைக்கு வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே முதல் பக்கத்தைப் படியுங்கள். பெயரின் எழுத்துகள், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கூட்டுக் கணக்கு என்றால் யார் இயக்கலாம் என்ற விவரம் எல்லாம் பழைய போட்டோவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, ‘நாமினேஷன் பதிவு செய்யப்பட்டது’ என்ற குறிப்பு இருக்கிறதா? பழையதில் இருந்து புதியதில் இல்லை என்றால், அது அச்சில் விடுபட்டதா, கணினியிலேயே ஏறவில்லையா என்று அங்கேயே கேளுங்கள். பல வருடம் முன்பு எழுதிக் கொடுத்த நாமினேஷன் பதிவாகவே இல்லை என்பது இப்படித்தான் தெரியவரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்பதால், அதையும் கையோடு முடித்துவிடலாம்.

கூட்டுறவு சங்கப் பாஸ்புக் என்றால்?

கொங்கு கிராமங்களில் நிறைய பேரிடம் வங்கி பாஸ்புக்கோடு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பாஸ்புக்கும் இருக்கும். பார்க்க ஒன்று போலிருந்தாலும், சட்டப்படி அந்தச் சங்கம் வங்கி அல்ல. வங்கி வைப்புகளுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு அங்கே கிடையாது. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடமும் போக முடியாது. அதனால் சங்கப் பாஸ்புக் சேதமானால், ஒப்படைக்கும் முன்பே அதில் உள்ள கடைசி இருப்பும் சங்கத்தின் பேரேட்டில் உள்ள இருப்பும் ஒன்றுதானா என்று செயலாளரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பாஸ்புக்கைக் கொடுத்துவிடாமல், நகலோடு கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளருக்கு எழுத வேண்டும்.

இழுத்தடித்தால்?

வங்கிக் கிளை காரணம் சொல்லாமல் அலைக்கழித்தால், அல்லது சேதமான புத்தகத்தை ஒப்படைத்த பிறகும் போலீஸ் சான்று கேட்டால், அந்தக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தரவில்லை என்றால் அதே வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு, முத்திரை வாங்கிய பிரதியை இணைத்துப் புகார் அனுப்பலாம். 30 நாட்களில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழிமுறை கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும், முத்திரை வாங்கிய கடிதப் பிரதி, இண்டெம்னிட்டியின் நகல், ரத்து முத்திரையிட்ட பழைய பாஸ்புக் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வங்கி பழைய புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால், நீங்கள் எடுத்த போட்டோக்களை அச்செடுத்து அந்த உறையில் சேருங்கள். புதிய பாஸ்புக்கை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள். அடுத்த மழையில் இரண்டும் சேர்ந்து நனையாமல் இருக்கும்.